பத்து நிமிட மழைக்கு எத்தனை அங்குலக் கட்டர்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழ்நாட்டில் யாரும் எளிதில் மறக்க முடியாத எண் அது. ஆனால் ஓட்டு வீட்டுக்கோ தகரக் கூரைக்கோ கட்டர் மாட்டப் போகிறவருக்கு அந்த எண்ணால் அதிகப் பயன் இல்லை. 950 மில்லிமீட்டரை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 40 மில்லிமீட்டர்கூட வராது. சித்திரை மாதத்து மாலையில் இடி மின்னலோடு வந்து பத்தே நிமிடத்தில் ஓய்ந்துவிடும் சாதாரணக் கோடை மழை, அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் பெய்யக்கூடும்.

கட்டருக்குத் தெரிந்தது அந்த வேகம் மட்டும்தான். ஊர் முழுக்க வெள்ளம் வருமா என்பதை நாள் முழுவதும் பெய்த மொத்த மழை தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டுக் கட்டர் வழியுமா என்பதைத் தீர்மானிப்பது, விழுகிற தண்ணீர் விழுகிற வேகத்திலேயே வெளியேறுகிறதா என்பது. கட்டர் தொட்டி அல்ல, அதில் தண்ணீரைச் சேர்த்து வைக்க இடமில்லை. ஆகவே செய்தியில் சொல்லும் ‘இன்று இத்தனை சென்டிமீட்டர்’ என்ற கணக்கை விட்டுவிட்டு, கடும் மழையின் உச்சத்தில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் வீதம் பெய்கிறது என்று பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, நல்ல மழையில் பத்து நிமிடம் கழித்து ஸ்கேலால் ஆழம் பாருங்கள். அதை ஆறால் பெருக்கினால் மணிக்கான வேகம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் இருந்தால் மணிக்கு 120.

ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் அதை மேகவெடிப்புக்கான அளவாக இந்திய வானிலைத் துறை கொள்கிறது. ஒரு மணி நேரம் முழுக்க அப்படிப் பெய்வது அபூர்வம். ஐந்து, பத்து நிமிடம் அந்த வேகத்தையும் தாண்டிப் பெய்வது அபூர்வமல்ல. அதனால் தமிழ்நாட்டுச் சாய்வுக் கூரை வீட்டுக்கு மணிக்கு 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வது என் கட்சி. தண்ணீர் வழிந்தால் முற்றத்தில்தான் விழும், போனால் போகட்டும் என்பவர்கள் 100 வைத்துக்கொள்ளலாம். வழிந்த தண்ணீர் சுவருக்குள்ளோ இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்திலோ இறங்கும் என்றால் 200க்குப் போவது நல்லது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சாயும் ஓட்டு வீடு. தாழ்வாரத்தின் நீளம் 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி. முகட்டிலிருந்து தாழ்வார ஓரம் வரை, மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 4 மீட்டர். முகடு தாழ்வாரத்தைவிட 2.3 மீட்டர் உயரம்.

கூரைப் பரப்பு என்றதும் பலர் ஏணி போட்டு ஏறி ஓட்டின் சாய்வு நீளத்தை டேப்பால் அளப்பார்கள். அது தேவையில்லை. மழை நேர்குத்தாக விழுந்தால் கணக்கில் வருவது தரையில் விழும் நிழலின் பரப்பு மட்டும்தான், அதாவது 4 பெருக்கல் 12, 48 சதுர மீட்டர். ஆனால் நம் ஊர் மழை காற்றோடு வரும். காற்று அடிக்கும் பக்கத்துச் சாய்வு, நிழலளவைவிடக் கூடுதலாகத் தண்ணீரை வாங்கும். அதற்காக முகட்டு உயரத்தில் பாதியை அகலத்தோடு கூட்டிக்கொள்வது ஐரோப்பிய விதிமுறைகளில் உள்ள வழக்கம். 4 மீட்டரோடு 1.15 மீட்டரைக் கூட்டினால் 5.15, அதை 12ஆல் பெருக்கினால் 62 சதுர மீட்டர். ஒரு பக்கக் கட்டர் தாங்க வேண்டிய பரப்பு இது.

மீதி எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். 62 சதுர மீட்டரை 150 மில்லிமீட்டரால் பெருக்கினால் மணிக்கு 9,300 லிட்டர். 3,600ஆல் வகுத்தால் வினாடிக்கு சுமார் 2.6 லிட்டர். மழையின் உச்சத்தில் வினாடிக்கு இரண்டரைத் தண்ணீர் பாட்டில் வீதம் அந்தக் கட்டருக்குள் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது கடைக்குப் போவோம். அரைவட்ட பி.வி.சி. கட்டரில் வாயகலம் 112 மில்லிமீட்டர் என்றால் அது வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கொண்டுபோகும். 125 மில்லிமீட்டர் என்றால் ஒன்றே கால், ஒன்றரைக்கு இடையில். ஆறு அங்குலம் எனப்படும் 150 மில்லிமீட்டர் கட்டர் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அகலம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கொண்டுபோகும் தண்ணீர் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே கட்டரில் ஓர் அங்குலம் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் தவறான சிக்கனம்.

இந்த எண்களை நம் 2.6 லிட்டரோடு ஒப்பிட்டால் ஒரு சங்கடம் தெரியும். ஆறு அங்குலக் கட்டர்கூடப் போதவில்லை! இந்த இடத்தில்தான் பலர் எட்டு அங்குலம் தேடி அலைவார்கள், அல்லது தகரக் கடையில் பெரிய பெட்டிக் கட்டர் மடித்து வாங்குவார்கள். இரண்டும் வேண்டாம். தண்ணீர் இறங்கும் ஓட்டையை எங்கே வைக்கிறோம் என்பதை மாற்றினால் போதும்.

கட்டரின் ஒரு முனையில் மட்டும் ஓட்டை வைத்தால் 12 மீட்டர் நீளத்தில் விழும் தண்ணீர் அத்தனையும் அந்த முனைக்கே வர வேண்டும். ஓட்டையை நடுவில் வைத்தால் இடப்பக்கத்து 6 மீட்டர் தண்ணீர் ஒருபுறமும் வலப்பக்கத்துத் தண்ணீர் மறுபுறமும் வந்து சேரும். கட்டரின் எந்த இடத்திலும் 1.3 லிட்டருக்கு மேல் ஓடாது. இரண்டு முனைகளிலும் ஓட்டை வைத்து நடுவை மேடாக்கினாலும் அதே கணக்குதான். 125 மில்லிமீட்டர் கட்டர் மயிரிழையில் தேறும். 150 மில்லிமீட்டர் தாராளமாகத் தாங்கும். ஒரு ரூபாய் பெறாத யோசனை, ஒரு சைஸ் பெரிய கட்டருக்குச் சமம்.

நடுவா, இரண்டு முனைகளா? நடுவில் ஒரே டவுன் பைப் செலவு குறைவு. ஆனால் வீட்டின் நடுவில் பெரும்பாலும் வாசலோ ஜன்னலோ இருக்கும். அதைவிட முக்கியம், அந்த ஓர் ஓட்டையில் ஒரு கைப்பிடி வேப்பிலை அடைத்தால் முழுக் கூரையும் வழியும். நான் இரண்டு முனைகளையே சொல்வேன். ஒன்று அடைத்தாலும் தண்ணீர் தேங்கி நடு மேட்டைத் தாண்டி மறுபுறம் போக ஒரு வழி இருக்கும்.

டவுன் பைப் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. செங்குத்தாக நிற்கும் நாலு அங்குல பைப் வினாடிக்குப் பத்து லிட்டர்வரை அநாயாசமாக இறக்கிவிடும். தடை பைப்பில் இல்லை, அதன் வாயில் இருக்கிறது. தண்ணீர் ஓட்டைக்குள் விழ, அதைச் சுற்றிக் கட்டரில் சில சென்டிமீட்டர் ஆழமாவது நிற்க வேண்டும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணை இந்த விஷயத்தில் மிக ஜாக்கிரதையானது. மணிக்கு 150 மில்லிமீட்டர் மழைக்கு 100 மில்லிமீட்டர் பைப் ஒன்றுக்கு 28.5 சதுர மீட்டர் கூரைதான் அது தருகிறது. 75 மில்லிமீட்டர் பைப் என்றால் வெறும் 13.6. நம் வீட்டில் ஒரு பைப்புக்கு வரும் கூரை, நிழல் கணக்கில் 24 சதுர மீட்டர். நூறு மில்லிமீட்டர் பைப் தேறுகிறது, மூன்று அங்குலம் தேறவில்லை. கடையில் எஸ்.டபிள்யூ.ஆர். பைப் 75, 90, 110 என்று வெளிவிட்டத்தில்தான் கிடைக்கும்; 110 கேட்டு வாங்குங்கள்.

மொட்டை மாடி வீட்டுக்காரர்களும் இதே அட்டவணையைப் பார்க்கலாம். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு நாலு அங்குல பைப் 42.7 சதுர மீட்டருக்குப் போதும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர், அதற்கு மூன்று பைப் வேண்டும். இரண்டு மூன்று அங்குல பைப்போடு நிறுத்திவிட்ட மாடிகளில் மழை நாளில் கணுக்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டையின் வாயில் இலை வடிகட்டும் வலை போடுவதில் தப்பில்லை. ஆனால் தட்டையான வலை, ஓட்டையின் கொள்ளளவைப் பாதியாக்கிவிடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் ஒரு ஓட்டைக்கு 1.3 லிட்டர்தான் வருகிறது; வலையோடு அதை இறக்கக் கட்டரில் மூன்றரை சென்டிமீட்டர் ஆழம் போதும், ஏழரை சென்டிமீட்டர் ஆழமுள்ள கட்டரில் அதற்கு இடம் இருக்கிறது. நடுவில் ஒற்றை ஓட்டை வைத்திருந்தால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றாக வேண்டும். அங்கே பிசகுக்கு அதிக இடமில்லை.

அளவு முடிந்தது, இனி நீளமும் பிராக்கெட்டும். கட்டர் 3 மீட்டர் துண்டுகளாக வாங்குவதாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு நாலு துண்டு, வீட்டுக்கு எட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று இணைப்பு, முனைகளில் இரண்டு மூடி, இரண்டு ஓட்டைத் துண்டு.

பிராக்கெட்டில்தான் வேலை கெட்டுப்போகும். கடைக்காரர் ‘மூணடிக்கு ஒண்ணு போதும் சார்’ என்பார். ஆறு அங்குலக் கட்டர் நிறைந்து நின்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ தண்ணீர். 12 மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். அடியில் படியும் மண்ணையும் ஈர இலையையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அத்தோடு நம் ஊர் வெயிலில் பி.வி.சி. இளகும். மூன்றடி இடைவெளியில் இரண்டு கோடைக்குள் கட்டர் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய எடையால் இன்னும் தொய்யும். இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள்.

ஆனால் கூரையின் ஒரு முனையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 60, 60 என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு சிக்கல் வரும். 3 மீட்டரில் ஐந்து அறுபது சரியாக அடங்குவதால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பிராக்கெட்டின் மேலேயே போய் உட்காரும். இணைப்புத் துண்டு அங்கே பொருந்தாது. அதனால் துண்டுவாரியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலிருந்தும் 10 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு பிராக்கெட். மீதமுள்ள 280 சென்டிமீட்டரை ஐந்தாகப் பிரித்தால் 56. ஆக, துண்டுக்கு ஆறு பிராக்கெட், எட்டுத் துண்டுக்கு 48. ஒவ்வொரு இணைப்புக்கும் இருபுறமும் தாங்கல் கிடைத்துவிடும். எடை தாங்காமல் கட்டர் பிரிவது எப்போதும் இணைப்பில்தான்.

பிராக்கெட்டைக் கைமரத்தின் முனையிலோ அதன்மேல் அடித்த முகப்புப் பலகையிலோ திருகாணியால் பொருத்த வேண்டும். ஆணி கூடாது, மரம் மழையில் ஊறி வெயிலில் காய்வதில் ஆணி மெல்ல வெளியே வந்துவிடும். கடலோர ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான். முதலில் நடுவில் உள்ள உச்சிப் பிராக்கெட்டைப் பொருத்துங்கள். மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சரிவு என்றால் 6 மீட்டரில் 18 மில்லிமீட்டர். டியூப் லெவல் பிடித்து, இரு முனைப் பிராக்கெட்டையும் 18 மில்லிமீட்டர் இறக்கிப் பொருத்தி, நூல் கட்டி, மற்றவற்றை நூலுக்குச் சரியாக வைக்க வேண்டும். கண்ணளவில் வைத்தால் கட்டாயம் அலை அலையாக வரும். தாழ்வாரம் பழசாகித் தொய்ந்திருந்தால் நூலை நம்புங்கள், ஓட்டு ஓரத்தை நம்பாதீர்கள்.

ஓட்டின் ஓரம் கட்டருக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 5 சென்டிமீட்டர், நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறு தூறலில் தண்ணீர் ஓட்டின் அடியோடு திரும்பிப் பலகையை நனைக்கும். கூடினால் கடும் மழையில் தண்ணீர் கட்டரைத் தாண்டிப் பாயும். கட்டரின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்கட்டும். என்றைக்காவது வழிந்தாலும் வெளியே வழியட்டும், சுவருக்குள் வேண்டாம். தகரக் கூரையில் தண்ணீர் இன்னும் வேகமாக வரும், அங்கே கட்டரைத் தகர ஓரத்துக்கு நெருக்கமாக உயர்த்தி வைக்க வேண்டும்.

இணைப்புகளில் ரப்பர் வளையம் இருந்தால் அதன்மேல் பைப் ஒட்டும் பசையைத் தடவாதீர்கள். ‘ஒழுகாம இருக்கட்டும்’ என்று பிளம்பர் தடவிவிட்டுப் போவார். 3 மீட்டர் பி.வி.சி. துண்டு விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் ஆறேழு மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். இணைப்புக்குள் அதற்கு இடம் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் 12 மீட்டரும் ஒரே துண்டாகி, நீள இடமில்லாமல் வளைந்து, கடைசியில் மூடியிலோ ஓட்டைத் துண்டிலோ விரிசல் விடும்.

டவுன் பைப்புக்குத் தாழ்வார உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. தாழ்வாரம் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் வீட்டில் பைப் 50 சென்டிமீட்டர் உள்ளே வந்து சுவரைத் தொட வேண்டும் என்று கொள்வோம். 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டுச் சாய்வாகக் கொண்டுவந்தால் அதற்கு 70 சென்டிமீட்டர். பிறகு சுவரோடு 2.1 மீட்டர் இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே முடியும். மொத்தம் 2.8, ஒரு 3 மீட்டர் பைப்பில் அடங்கும். நாலு மூலைக்கு நாலு பைப், எட்டு பெண்டு, கீழே நாலு வளைவு. 90 டிகிரி பெண்டு போட்டுப் பைப்பைப் படுக்கவிட்டால் இலையெல்லாம் அங்கேதான் சேரும். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப், ஆக பைப்புக்கு இரண்டு.

ஏற்கெனவே கட்டர் இருக்கிற வீடு என்றால், வழியும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ஓட்டைக்குப் பக்கத்தில் வழிந்தால் ஓட்டையோ பைப்போ அடைத்திருக்கிறது. ஓட்டையிலிருந்து தூரத்து முனையில் வழிந்தால் கட்டர் சிறிது, அல்லது சரிவு தலைகீழ். இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே ஒரே இடத்தில் வழிந்தால் தொய்வு. கட்டர் பாதிகூட நிறையாமல் தண்ணீர் முன்னால் பாய்ந்து விழுந்தால் அளவில் குறையில்லை, வைத்த இடத்தில் குறை. பெரிய கட்டர் வாங்க வேண்டியது இந்த நாலில் ஒன்றுக்குத்தான், அதுவும் சில வேளைதான்.

புதிதாக மாட்டுகிறவர்கள் கடைசித் தவணைக் கூலியைக் கொடுப்பதற்கு முன்னால் நடு உச்சியில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஏணியில் ஏறிப் பாருங்கள். எங்கேயாவது தண்ணீர் குளமாக நின்றால் அந்த இடத்துப் பிராக்கெட்டைக் கழற்றி, நூல் பிடித்துத் திரும்பப் பொருத்தச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.